கண்கட்டியா, கொழுப்புக்கட்டியா? இமையில் வரும் கட்டியும் வெந்நீர் ஒத்தடமும்

(மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கு நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் கண் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

கண்ணைப் பற்றி எதைப் பேசட்டும் என்று கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தவர்களிடம் கேட்டேன். "கண்புரை, சர்க்கரை எல்லாம் நிறைய கேட்டாச்சு டாக்டர். இந்த இமையில வருதே கட்டி, அதைப் பத்தி யாரும் சொல்றதே இல்லை" என்றார்கள். சரிதான். எங்கள் புறநோயாளிப் பிரிவில் அந்தக் கட்டியோடு யாராவது வராத நாள் குறைவு. சின்ன விஷயம் என்பதால் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால்தான் தேவையில்லாத மாத்திரை, தேவையில்லாத சொட்டு மருந்து எல்லாம் உள்ளே போகிறது. எப்போதாவது ஒருவருக்கு, உண்மையிலேயே பார்க்க வேண்டிய கட்டியும் "கண்கட்டிதானே" என்று தள்ளிப்போய்விடுகிறது.

முதலில் இமைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இமையை வெறும் தோல் என்று நினைக்கிறோம். அதற்குள் அட்டை மாதிரி ஒரு கெட்டியான தகடு இருக்கிறது. அந்தத் தகட்டுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் வரிசையாக, சீப்பின் பற்கள் மாதிரி நிற்கின்றன. மேல் இமையில் சுமார் 30, கீழ் இமையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஹைன்ரிக் மெய்போம் என்ற மருத்துவர் 1666-இல் இவற்றை விவரித்து எழுதினார். அதனால் மெய்போமியன் சுரப்பி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் இமை ஓரத்தில், முடிக்குச் சற்று உள்ளே, ஒரு சின்ன வாய் உண்டு. நாம் கண் சிமிட்டும்போதெல்லாம் அந்த வாய் வழியாகத் துளி எண்ணெய் வந்து கண்ணீரின் மேல் படர்கிறது. அந்த எண்ணெய் இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் காய்ந்து கண் உறுத்தும்.

இது போக, ஒவ்வொரு இமை முடியின் வேரிலும் இன்னும் சின்னச் சின்ன சுரப்பிகள் இருக்கின்றன. ஆக, நம் இமை ஓரம் முழுக்க எண்ணெய் வரும் வாய்களாகத்தான் இருக்கிறது. இவற்றில் ஏதாவது ஒன்று அடைபடுவதுதான் நாம் பேசப்போகும் கட்டிக்கு ஆரம்பம்.

அடைபட்ட இடத்தில் கிருமி புகுந்து பெருகினால் சீழ் வைக்கும். அதுதான் கண்கட்டி, டாக்டர்கள் ஸ்டை என்பார்கள். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி. அது வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை, நம் தோலிலேயே சும்மா குடியிருப்பதுதான். முடி வேரில் வந்தால் வெளிக் கண்கட்டி. இமை ஓரத்தில் சிவந்து, நடுவில் மஞ்சளாக ஒரு முனை தெரியும். உள்ளே இருக்கும் மெய்போமியன் சுரப்பியில் வந்தால் உள் கண்கட்டி. அதன் முனை வெளியே தெரியாது, இமையைப் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். வலியும் கொஞ்சம் அதிகம்.

கிருமி சேராமல் வெறுமனே எண்ணெய் தேங்கினால் கதை வேறு. தேங்கிய எண்ணெய் சுரப்பியை விட்டுக் கசிந்து சுற்றியுள்ள சதைக்குள் போகிறது. தன் இடத்தை விட்டு வெளியே வந்த எண்ணெயை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கிறது. முள் குத்தி உள்ளேயே தங்கிவிட்டால் சுற்றிக் கெட்டியாகிறது இல்லையா, அதே மாதிரி இங்கேயும் ஒரு சுவர் கட்டுகிறது. அதுதான் கலேசியான். நம் ஊரில் கொழுப்புக்கட்டி என்கிறார்கள். உடம்பின் மற்ற இடங்களில் வரும் கொழுப்புக்கட்டி வேறு, இது வேறு. ஆனாலும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது, நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தொட்டதும் "ஆ" என்று இழுத்துக்கொண்டால், ஒரு குறிப்பிட்ட புள்ளியில் வலி குத்தினால், அது பெரும்பாலும் கண்கட்டி. வந்து இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். பட்டாணி மாதிரி கெட்டியாக இருக்கிறது, அழுத்தினாலும் வலி இல்லை, மேலே உள்ள தோல் அதன்மேல் நழுவுகிறது என்றால் கொழுப்புக்கட்டி. அது வாரக்கணக்கில் வளர்ந்திருக்கும். பலருக்கு எப்போது வந்தது என்றே தெரியாது. கண்ணாடி பார்க்கும்போதோ, யாராவது சொல்லியோதான் தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள். முதல் இரண்டு நாளில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கொழுப்புக்கட்டியும் ஆரம்பத்தில் சிவந்து லேசாக வலிக்கலாம். அந்த நேரத்தில் டாக்டராலேயே அடித்துச் சொல்ல முடியாது. அதனால் நஷ்டமும் இல்லை. ஏனென்றால் இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: வெந்நீர் ஒத்தடம்.

"அவ்வளவுதானா, ஒத்தடத்துக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று முகத்தைப் பார்க்கிறீர்கள். எங்களிடம் வருபவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆனால் நான் கேட்ட வரைக்கும், "ஒத்தடம் கொடுத்தேன், கேட்கவில்லை" என்று சொல்பவர்களில் பெரும்பாலானவர்கள் சரியாகக் கொடுத்திருப்பதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மார்கழி மாதம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் என்ன ஆகிறது? ஒரு சொட்டு வராது. உறைந்திருக்கும். குச்சியை விட்டுக் குத்துவோமா? வெயிலில் வைப்போம், இல்லை சுடுதண்ணீரில் நிறுத்தி வைப்போம். கொஞ்ச நேரத்தில் இளகித் தானாக வரும். இமையின் எண்ணெயும் அதே மாதிரிதான். நல்ல சுரப்பியில் அது உடல் சூட்டிலேயே உருகிய நிலையில் இருக்கிறது. அடைபட்ட சுரப்பியில் பற்பசை மாதிரி கெட்டியாகி, உடல் சூடு மட்டும் அதற்குப் போதாமல் போகிறது. வெளியிலிருந்து சில டிகிரி கூடுதல் சூடு, அதுவும் விடாமல் பத்து நிமிடம் கிடைத்தால்தான் இளகும். சூடு படும்போது அந்த இடத்துக்கு ரத்த ஓட்டமும் கூடுகிறது. கண்கட்டியாக இருந்தால் சீழ் சீக்கிரம் ஒரு முனைக்கு வந்து தானே உடைந்து வடியும்.

இப்போது அளவு. ஒரு டம்ளர் கொதித்த தண்ணீர், நாலு டம்ளர் சாதாரண குழாய்த் தண்ணீர், இரண்டையும் கலந்தால் சுமார் 45 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். குழாய்த் தண்ணீர் ரொம்பக் குளிர்ந்திருக்கும் மலைப்பகுதி என்றால் கணக்கு மாறும். எப்படியானாலும் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். நல்ல சூடாக, ஆனால் கையை இழுத்துக்கொள்ளாமல் வைத்திருக்க முடிகிற சூடு வேண்டும். இமைத் தோல்தான் உடம்பிலேயே மெல்லிய தோல். கை தாங்குகிற எல்லா சூட்டையும் அது தாங்காது.

துவைத்த பருத்தித் துணி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணி போதும். நாலாக மடித்து, தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, கண்ணை மூடிக்கொண்டு இமைமேல் வையுங்கள். இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். ஈரத்துணி இரண்டு நிமிடத்திலேயே ஆறிவிடும். வைத்த துணியை அப்படியே பத்து நிமிடம் வைத்திருந்தால், எட்டு நிமிடம் நீங்கள் குளிர்ந்த துணியைத்தான் வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இரண்டு துணி. ஒன்று கண்ணில் இருக்கும்போது இன்னொன்று தண்ணீரில் இருக்கட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பாத்திரத் தண்ணீரும் நடுவில் ஆறும், பக்கத்தில் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். போனில் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மனசால் எண்ணினால் பத்து நிமிடம் என்பது மூணு நிமிடத்தில் முடிந்துவிடும்!

ஒரு நாளைக்கு எத்தனை முறை? வலி இருக்கும் கண்கட்டிக்கு நாலு முறை. வலி இல்லாத கொழுப்புக்கட்டிக்குக் காலை, மாலை என இரண்டு முறையாவது வேண்டும், முடிந்தால் நாலு. ஆனால் அதை வாரக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும்.

கொழுப்புக்கட்டிக்கு ஒத்தடம் முடிந்த கையோடு லேசாகத் தடவிவிட வேண்டும். எண்ணெய் இளகியிருக்கும் நேரம் அதுதான். மேல் இமை என்றால் மேலிருந்து முடியை நோக்கிக் கீழே. கீழ் இமை என்றால் கீழிருந்து முடியை நோக்கி மேலே. சுரப்பியின் வாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். கண்ணுக்கு மை தீட்டுகிற அழுத்தம் போதும். வலிக்கிற கண்கட்டியை மட்டும் தடவவே வேண்டாம், ஒத்தடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் பிதுக்கவும் கூடாது, ஊசியால் குத்தவும் கூடாது. உள்ளே இருக்கும் சீழ் வெளியே வருவதற்குப் பதிலாக இமைக்குள் பரவிவிடும்.

உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கலாமா என்று ஒரு அம்மா வரும்போதே கேட்டார்கள். முட்டிக்குக் கொடுங்கள் அம்மா, கண்ணுக்கு வேண்டாம். அதன் சூடு நம் கட்டுப்பாட்டில் இல்லை. முடிச்சின் ஒரு பக்கம் மிதமாக இருக்கும், மறு பக்கம் சுட்டுவிடும்.

அப்புறம் நாமக்கட்டி. கண்கட்டிக்கு நாமக்கட்டி இழைத்துப் போடாத வீடு நம் பக்கம் ஏது? குளுகுளுவென்று இருக்கும், அது உண்மை. வலி கொஞ்சம் மறக்கும். ஆனால் நமக்கு வேண்டியது குளிர்ச்சி இல்லை, சூடு. அது காய்ந்ததும் பொருபொருவென்று உதிர்ந்து கண்ணுக்குள் விழுகிறது. கருவிழியில் கீறல் போட அது போதும். இன்னொன்று, உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக்கிக் கட்டிமேல் வைப்பது. அதைக் கண்டுபிடித்த பாட்டிக்கு விஷயம் புரிந்திருக்கிறது; சூடுதான் மருந்து என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தச் சூடு நிற்பது சில விநாடிதான். கழுவாத கையோடு வேறு செய்கிறோம். அதே யோசனையை, சுத்தமான துணியில், பத்து நிமிடத்துக்கு நீட்டினால் நான் சொல்கிற ஒத்தடம்.

"உடம்புச் சூட்டுல வந்த கட்டிக்கு மேல சூடு வைக்கலாமா?" என்றும் கேட்பார்கள். கட்டி வந்தது சுரப்பி அடைபட்டதால். எண்ணெய்க் குளியலுக்கும் மாம்பழத்துக்கும் அதில் பங்கு இல்லை. பயப்படாமல் வையுங்கள்.

இதெல்லாம் நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வயது 29, தையல் கம்பெனியில் வேலை. ஒரு திங்கட்கிழமை எழுந்திருக்கும்போது வலது மேல் இமையில் வலி. அன்று நாமக்கட்டி போட்டிருக்கிறார். செவ்வாய் அன்று இமை தடித்துக் கண் பாதிதான் திறந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டிருக்கிறார். புதன்கிழமை என்னிடம் வந்தார்.

நான் முதலில் பார்த்தது கட்டியை அல்ல. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. எழுத்துப் பலகையில் பார்வையைச் சோதித்தேன், இரண்டு கண்ணிலும் 6/6. கண்ணை நாலு பக்கமும் அசைக்கச் சொன்னேன், அசைக்கும்போது வலி இல்லை. அதாவது கிருமி இமையோடு நிற்கிறது, கண்ணுக்குப் பின்னால் போகவில்லை. அதற்குப் பிறகு இமையைப் புரட்டினேன். உள்பக்கத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. உள் கண்கட்டி.

அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். கிருமிக்கொல்லியோடு ஸ்டீராய்டும் கலந்த மருந்து. இதைப் பற்றி ஒரு நிமிடம் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு சொட்டு விட்டால் சிவப்பு சட்டென்று குறையும், "நல்ல மருந்து" என்று தோன்றும். ஆனால் டாக்டர் பார்க்காமல் வாரக்கணக்கில் விட்டால் சிலருக்குக் கண் அழுத்தம் கூடும். கண் அழுத்தம் கூடினால் வலிக்காது. பார்வை நரம்பு சத்தமில்லாமல் பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். போன பார்வை திரும்பி வராது. இமைக் கட்டிக்காக அந்த ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. வீட்டில் பழைய பாட்டில் இருந்தாலும், பக்கத்து வீட்டார் கொடுத்தாலும் விடாதீர்கள். இரண்டு நாள்தான் விட்டிருந்தார் என்பதால் இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிறுத்தச் சொன்னேன்.

கிருமிக்கொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தேன், ஆனால் வேலையைச் செய்யப்போவது ஒத்தடம்தான் என்றேன். "நாலு தடவை எப்படி சார் முடியும், நான் காலையில ஏழரைக்கே பஸ் ஏறணும்" என்றார். நியாயமான கேள்வி. காலையில் கிளம்பும் முன் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளையில் ஃபிளாஸ்க்கில் கொண்டுபோன வெந்நீரில் ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, படுக்கும் முன் ஒன்று என்று பிரித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை இரவு ஒத்தடத்தின்போதே உள்பக்கமாக உடைந்து, துணியில் சீழ் வந்தது. வலி அன்றே பாதி குறைந்துவிட்டது. கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து ஓரத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த புதன்கிழமை சிவப்பும் இல்லை, வலியும் இல்லை. கண்கட்டி பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் இப்படித்தான் அடங்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மூன்றாவது வாரம் மறுபடி வந்தார். அதே இடத்தில் சின்னப் பட்டாணி மாதிரி ஒன்று. "குணமாகலை சார்" என்று சொல்லி, வீட்டில் மீதி இருந்த ஏதோ கிருமிக்கொல்லி மாத்திரையை மூன்று நாள் போட்டிருந்தார். அது குணமாகாத கண்கட்டி இல்லை. கிருமி போய்விட்டது, அடைப்பும், கசிந்த எண்ணெயும், அதைச் சுற்றி உடம்பு கட்டிய சுவரும் மிச்சம். அதாவது உள் கண்கட்டி கொழுப்புக்கட்டியாக மாறியிருக்கிறது. இப்படி மாறுவது ரொம்ப சகஜம். உள்ளே கொல்ல வேண்டிய கிருமி இல்லாதபோது மாத்திரை எதைக் கொல்லும்? அதை நிறுத்திவிட்டு, காலை, மாலை ஒத்தடமும் தடவலும் என்று மாற்றினோம். நடுவில் சலிப்பு வந்து ஒரு வாரம் விட்டுவிட்டார், அதையும் சொன்னார். ஏழாவது வாரத்தில் கடுகு அளவுக்கு வந்தது. அதற்கப்புறம் அவர் வரவில்லை. வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பார்த்தேன், இமை சமமாக இருந்தது.

எல்லாருக்கும் இப்படி ஒத்தடத்திலேயே கரைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பல மாதம் ஆன, நன்றாகக் கெட்டிப்பட்ட கட்டி சிலருக்குக் கரையாது. ஒரு மாதம் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் அளவு குறையவே இல்லை என்றால் கண் மருத்துவரிடம் வாருங்கள். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி. தோல் வழியாகப் போட்டால் நம் நிறத்துக்கு அந்த இடம் வெளுத்துத் தெரியலாம் என்பதால் பெரும்பாலும் இமையின் உள்பக்கமாகவே போடுவோம். இன்னொன்று, சின்ன அறுவை. பெரியவர்களுக்கு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, இமையைப் புரட்டி, உள்பக்கமாகக் கீறி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்துவிடுவோம். பத்து, பதினைந்து நிமிடம். தையல் இல்லை, வெளியே தழும்பும் இல்லை. மரத்துப்போக ஊசி போடும்போது வலிக்கும், அதை மறைக்கவில்லை. சில மணி நேரம் கண்ணில் கட்டு இருக்கும், இரண்டு மூன்று நாள் இமை கன்றிப்போயிருக்கும்.

இப்போது, காத்திருக்கவே கூடாத நேரம். இமை முழுவதும் வீங்கிக் கண் மூடிக்கொள்கிறது, கூடவே காய்ச்சல். கண்ணை அசைத்தால் வலிக்கிறது. பார்வை மங்குகிறது, இல்லை இரண்டிரண்டாகத் தெரிகிறது. கண் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. கிருமி கண்ணுக்குப் பின்னால் உள்ள குழிக்குள் போயிருக்கலாம். குழந்தைகளுக்கு இது வேகமாகப் பரவும். "காலையில பார்த்துக்கலாம்" என்று வைக்காதீர்கள். ராத்திரி நேரத்தில் எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

காய்ச்சல் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஒத்தடம் கொடுத்தும் வலியும் வீக்கமும் கூடிக்கொண்டே போகிறது என்றாலும் வந்து காட்டிவிடுங்கள். பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளர் இருக்கிறார். அவர் பார்த்துத் தேவைப்பட்டால் மேலே அனுப்புவார்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஏழு, எட்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மேல் இமையின் நடுவில் பெரிய கொழுப்புக்கட்டி வந்தால், அது கருவிழியை அழுத்தி அதன் வளைவையே மாற்றும். பார்வை கலங்கும். குழந்தை அதைச் சொல்லத் தெரியாமல் மற்ற கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ளும். அப்படிப் பல மாதம் போனால் அந்தக் கண் சோம்பிவிடும். வலி இல்லையே என்று விட்டுவிடாமல் ஒருமுறை பார்வையைச் சோதித்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ள பெரியவர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 50, 60 வயதுக்கு மேல் ஒருவருக்கு இமையில் கட்டி வருகிறது. அறுத்து எடுக்கிறார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி வருகிறது. மறுபடி எடுக்கிறார்கள். மூன்றாவது முறையும் வருகிறது. என்னிடம் வந்த ஒரு 62 வயதுப் பெரியவரின் நிலை இதுதான். "சாதாரணக் கட்டிதான் டாக்டர், எடுத்தா திரும்ப வந்துருது" என்றார். பார்த்தால், கட்டி இருந்த இடத்தில் மட்டும் இமை முடி உதிர்ந்து மொட்டையாக இருந்தது. ஓரம் தடித்து, மஞ்சள் சாயலாக இருந்தது. சின்னத் துண்டு எடுத்துச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்று முடிவு வந்தது.

பயமுறுத்தச் சொல்லவில்லை. இமைக் கட்டிகளில் மிக மிகச் சிலதான் இப்படி. ஆனால் இந்த வகை, வெள்ளைக்காரர்களைவிட நம் நாட்டு மக்களிடம் இமைப் புற்றுநோய்களில் கூடுதலான பங்கு. அது கொழுப்புக்கட்டி மாதிரியே வேஷம் போட்டு வரும். வலிக்காது. அதனால் பெரியவர்களுக்கு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் கட்டி, முடி உதிர்ந்த கட்டி, புண்ணாகி ரத்தம் கசியும் கட்டி, ஒரு கண்ணில் மட்டும் மாதக்கணக்கில் ஆறாத இமைச் சிவப்பு, இவற்றுக்கு ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். இரண்டாம் முறை எடுக்கும்போது "எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புறீங்களா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அந்தப் பெரியவருக்குப் பெரிய அறுவை சிகிச்சை வேண்டியிருந்தது. முதல் முறையே அனுப்பியிருந்தால் சின்னதாக முடிந்திருக்கும்.

இனி உங்கள் கேள்விகள்.

"எனக்கு வருஷத்துல நாலஞ்சு தடவை வருது, ஏன்?" அடிக்கடி வருபவர்களுக்கு இமை ஓரத்தில் பொடுகு மாதிரி செதில் படிந்திருக்கும், அது சுரப்பி வாய்களை மூடும். கட்டி இல்லாத நாளிலும் தினமும் ஒருமுறை ஒத்தடம் கொடுத்து, குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ ஒரு சொட்டை அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து, பஞ்சால் முடி ஓரத்தைத் துடைத்துக் கழுவுங்கள். தலையில் பொடுகு இருந்தால் அதையும் பாருங்கள். கூடவே சர்க்கரை பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் கட்டிகள் திரும்பத் திரும்ப வரும்.

"கண்கட்டி வந்தவங்களைப் பார்த்தா ஒட்டிக்குமா?" ஒட்டாதும்மா. பார்த்தாலும் ஒட்டாது, பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. நீங்கள் நினைப்பது மெட்ராஸ் ஐ. அதுவும் பார்ப்பதால் வருவதில்லை, கையாலும் துண்டாலும் பரவுவது. கண்கட்டி இருப்பவரின் துண்டு, தலையணை உறை, கண்மை இவற்றை மட்டும் தனியாக வைத்தால் போதும்.

"கண்மை போடலாமா?" கட்டி ஆறும் வரை வேண்டாம். மை போய் அடைப்பதே அந்தச் சுரப்பி வாய்களைத்தான். ஆறின பிறகு புது மை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி இருந்தபோது போட்ட டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற தங்கச்சிக்கும் அதே பதில். இப்போதைக்குக் கண்ணாடி, ஆறிய பிறகு லென்ஸ்.